லெதர் பால் போட்டியில் பார்வையாளர் தலையில் பந்து பட்டது: குழு எழுதிய அறிக்கையைப் பார்த்துச் சொல்லுங்கள்

கடலோர செயலாளர் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் கடலோரத்தில் உள்ள எங்கள் ஊரில் ஒவ்வொரு மே மாதமும் கிரிக்கெட் போட்டி நடத்துகிறோம், நான் விழாக்குழுச் செயலாளர். இத்தனை வருடமும் டென்னிஸ் பால்தான். இந்த வருடம்தான் முதன்முதலாக லெதர் பாலுக்கு மாறினோம். நேற்று சனிக்கிழமை பார்வையாளர் ஒருவர் தலையில் பந்து பட்டுவிட்டது. 61 வயது, ஊரில் எல்லோருக்கும் வேண்டியவர், எங்களை எல்லாம் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர் என்றே சொல்லலாம். இப்போது அரசு மருத்துவமனையில் இருக்கிறார், பேசுகிறார், ஆனால் ஸ்கேனில் தலைக்குள் கொஞ்சம் ரத்தக்கசிவு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நாளைக் காலை மறுபடி ஸ்கேன்.

பள்ளித் தலைமையாசிரியரும் (மைதானம் அவர்களுடையது) ஊர்ப் பெரியவர்களும் எழுத்துமூலமாக அறிக்கை கேட்கிறார்கள். நாங்கள் எழுதியது இது:

"சனிக்கிழமை மாலை நடந்த இரண்டாவது காலிறுதி ஆட்டத்தில் பேட்ஸ்மேன் அடித்த சிக்ஸர் எதிர்பாராதவிதமாகப் பார்வையாளர் ஒருவர் மீது பட்டது. அவருக்கு உடனடியாக முதலுதவி அளிக்கப்பட்டது. பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். தற்போது நலமாக உள்ளார். விழாக்குழு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறது."

இது போதுமா? வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா? அடுத்த சனி, ஞாயிறு அரையிறுதியும் இறுதியும் இருக்கிறது, அதை நடத்தலாமா என்றும் குழுவுக்குள் பேச்சு ஓடுகிறது.

ஓப்பனர்77 | ஞாயிறு, இரவு 9.58

அண்ணே, பயப்படாதீங்க. பேசுகிறார் என்றால் பெரிய விஷயம் இல்லை. தலையில் அடிபட்டால் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம், ராத்திரி தூங்க விடக்கூடாது. தூங்கினால்தான் ஆபத்து. அப்புறம் வாந்தி எடுத்தாரா என்று பாருங்கள், வாந்தி இல்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நான் 15 வருடம் லீக் ஆடியவன், எத்தனையோ அடி பார்த்திருக்கிறேன்.

டென்னிஸ்பால் தம்பி | ஞாயிறு, இரவு 10.05

எனக்கும் இப்படி நடந்தது. பாயின்ட்டில் நின்றேன், பந்து நேரா கண்ணில் பட்டது. ரெண்டு நாள் வீங்கி இருந்தது, ஐஸ் வைத்தேன், சரியாகிவிட்டது. ஆடுபவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

வார்டு சிஸ்டர் | ஞாயிறு, இரவு 10.31

தம்பி, இங்கே அடிபட்டது ஆடியவருக்கு இல்லை, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவருக்கு. கண்ணில் பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை: வீக்கம் வடிந்தாலும் ஒருமுறை கண் மருத்துவரிடம் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள், விழித்திரையில் சேதம் இருந்தால் வெளியே தெரியாது.

செயலாளர் அண்ணே, நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். உங்கள் அறிக்கையில் எனக்குத் தேவையான ஒன்றுமே இல்லை. "உடனடியாக" என்றால் எத்தனை நிமிடம்? "பின்னர்" என்றால் எப்போது? எங்கே பட்டது, காதுக்கு மேலா, நெற்றியிலா, பின்மண்டையிலா? விழுந்தாரா? நினைவு தப்பியதா? அவர் ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவரா? 61 வயது என்பதால் கேட்கிறேன், இதய நோய்க்கு அந்த மாத்திரை சாப்பிடும் ஆள்கள் அந்த வயதில் நிறைய. அப்படி இருந்தால் சின்னக் கசிவும் நிற்காமல் பெருகும். இதையெல்லாம் ஊருக்காகக் கேட்கவில்லை, நாளைக்கு ஸ்கேன் பார்க்கும் டாக்டருக்கு வேண்டியது இதுதான்.

ஓப்பனர் அண்ணே, தூக்கம் ஆளைக் கொல்வதில்லை. உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டு போகும்போது வரும் மயக்கத்தை வீட்டில் இருப்பவர்கள் தூக்கம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. அதனால் அறிகுறி இருக்கும் ஆளை வீட்டில் விழிக்க வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது, ஸ்கேன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி பற்றிச் சொன்னது பாதி சரி. வாந்தி வந்தால் ஆபத்து அறிகுறிதான். வரவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது.

கடலோர செயலாளர் | ஞாயிறு, இரவு 11.20

சிஸ்டர், நீங்கள் கேட்டபிறகு பையன்களைக் கூப்பிட்டு உட்கார்ந்து விசாரித்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பந்து பட்டது 3.40க்கு. நேரம் உறுதி, யூடியூபில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. லெக் சைடில் வேப்பமரத்தடியில் கயிற்றை ஒட்டியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நிழல் அங்கே மட்டும்தான். அந்த நேரம் மைக்கில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார்கள், அவர் திரும்பி மேடையைப் பார்த்திருக்கிறார். பையன்கள் கத்தியது ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்கவில்லை. பந்து தரையில் படாமல் தாழ்வாக வந்து இடது காதுக்கு மேலே பட்டது. நாற்காலியோடு சாய்ந்தார். மயங்கவில்லை என்று பக்கத்தில் இருந்த பெரியவர் சொல்கிறார், ஒரு சின்னப் பையன் மட்டும் "கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டாரு" என்கிறான்.

ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வைத்தோம். அஞ்சு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து "ஒண்ணும் இல்லப்பா, நீங்க ஆட்டத்தை நடத்துங்க" என்றார். ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பலாம் என்றோம், மாட்டேன் என்றுவிட்டார். ஆட்டமும் தொடர்ந்தது.

இன்னொன்று இன்றைக்குத்தான் தெரிந்தது. டீக்கடை அக்கா சொன்னது. 4 மணிவாக்கில் டீ வாங்க வந்தவர் "யாருப்பா பேட்டிங்?" என்று கேட்டாராம். சொன்னார்களாம். டீ கையில் வாங்கும்போது மறுபடி கேட்டாராம். குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அதையே கேட்டாராம். வெயில் கிறுகிறுப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

5.10க்கு வாந்தி எடுத்தார். அப்புறம்தான் 108க்கு போன் செய்தோம். 6.30க்கு மருத்துவமனை. மாத்திரை விஷயம் இப்போதுதான் அவர் மகனிடம் கேட்டேன், மூன்று வருடம் முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், அதற்கு மாத்திரை தினமும் சாப்பிடுகிறார்.

வார்டு சிஸ்டர் | ஞாயிறு, இரவு 11.42

மாத்திரை விஷயம் டாக்டருக்குத் தெரியுமா? மகன் வார்டில் இருந்தால் இப்போதே போன் செய்து டியூட்டி டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், மாத்திரை அட்டையோடு. விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

அந்த டீக்கடை அக்கா சொன்னதுதான் உங்கள் அறிக்கையிலேயே முக்கியமான வரி. ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார் என்றால், சொன்ன பதில் அவர் மனதில் தங்கவில்லை. மூளைக்கு அடி என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 108ஐக் கூப்பிட வேண்டிய நேரம் 4 மணி, நீங்கள் கூப்பிட்டது 5.10. குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்களிடம் வரும் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். அடிபட்டவரே "ஒண்ணும் இல்ல" என்பார், நடப்பார், டீ குடிப்பார். காதுக்கு மேலே அந்தப் பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லிசு, அதன் உள்பக்கத்தை ஒட்டியே ஒரு ரத்தக்குழாய் போகிறது. அது கிழிந்தால் ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்தக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் ஆள் நன்றாக இருப்பதுபோலவே இருப்பார். உங்கள் பெரியவருக்கு எந்த வகைக் கசிவு என்பது ஸ்கேன் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மயங்கினாரா இல்லையா என்பதில் இரண்டு பேச்சு இருக்கிறதே, இரண்டையும் எழுதுங்கள். பெரியவர் இப்படிச் சொன்னார், பையன் இப்படிச் சொன்னான் என்று. நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வெள்ளைத்தொப்பி அம்பயர் | திங்கள், காலை 6.15

சிஸ்டர் சொன்னதற்கு கிரிக்கெட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ராமன் லம்பா, இந்தியாவுக்கு ஆடியவர். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டம், ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்றார், பேட்ஸ்மேன் அடித்த பந்து தலையில் பட்டு விக்கெட் கீப்பர் பக்கம் எகிறி கேட்ச் ஆனது. அவர் எழுந்து நடந்தே டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனார். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். நடந்து போனார் என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்று என்னிடம் வரும் புது அம்பயர்களுக்கு எல்லாம் இதைத்தான் சொல்வேன்.

செயலாளர் தம்பி, "எதிர்பாராதவிதமாக" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தைதான் எனக்கு இடிக்கிறது. பிட்ச் நடுவிலிருந்து வேப்பமரத்துப் பக்கக் கயிறு எத்தனை மீட்டர்? அந்தப் பக்கம் எத்தனை சிக்ஸர் போனது? நேரலை வீடியோ இருக்கிறது என்றீர்களே, உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

கோர்ட் வாசல் | திங்கள், காலை 9.02

தூரத்தையும் சிக்ஸர் கணக்கையும் எழுதுவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். நான் வக்கீல் ஆபீசில் இருக்கிறேன், வக்கீல் இல்லை. சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் படிக்கும் ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு உண்டு, போல்டன் எதிர் ஸ்டோன். 1947இல் மான்செஸ்டர் பக்கம் ஒரு கிளப் மைதானத்திலிருந்து சிக்ஸர் வேலியைத் தாண்டித் தெருவில் நின்ற பெண்ணின் மீது பட்டது. 1951இல் பிரபுக்கள் சபை கிளப் மீது தவறில்லை என்று சொன்னது. காரணம், ஏறத்தாழ 30 வருடத்தில் ஆறு தடவை போலத்தான் பந்து அந்தத் தெருவுக்கே போயிருந்தது, யார் மேலாவது படும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று எடுத்துக்கொண்டார்கள். உங்கள் விஷயத்தில் ஒரே நாளில் பத்து சிக்ஸர் அந்த மரத்தடிக்குப் போயிருந்தால் அந்த நியாயம் உங்களுக்குக் கிடைக்காது. அதை நீங்களே எழுதிக் கொடுக்கப் போகிறீர்களா?

மூத்த மகன் | திங்கள், காலை 10.17

கொடுக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். மூன்று வருடம் முன்னால் என் அப்பாவுக்கு வேறு ஊரில் இதே மாதிரி ஆனது, மைதானத்து ஓரமாகச் சைக்கிளில் போனவர். போட்டி நடத்தியவர்கள் ஓடிவந்தார்கள், நல்ல பையன்கள்தான். ஆனால் மருத்துவமனையில் சீட்டு எழுதும் இடத்தில் "சைக்கிளில் இருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டார்கள், கேஸ் ஆகிவிடும் என்ற பயம். அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது. பிறகு நாங்கள் எங்கே போய் என்ன கேட்டாலும் "பதிவேட்டில் விழுந்தார் என்றுதானே இருக்கிறது" என்ற ஒரே பதில்தான். அப்பாவுக்கு இன்றும் இடது காது கேட்காது. பணம்கூட எனக்குப் பெரிதில்லை. அந்தக் காகிதத்தில் இருக்கும் பொய்யைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

கடலோர செயலாளர் | திங்கள், மதியம் 1.50

முதலில் நல்ல செய்தி. காலை ஸ்கேனில் கசிவு கூடவில்லை. ஆபரேஷன் இப்போதைக்குத் தேவையில்லை, இன்னும் சில நாள் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். சிஸ்டர், ராத்திரியே மகன் மாத்திரை அட்டையைக் காட்டிவிட்டான். சனிக்கிழமை கேட்டபோது "பிரஷர் மாத்திரை" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். இதய டாக்டரோடு பேசிவிட்டு அந்த மாத்திரையை என்ன செய்வது என்று முடிவெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மூத்த மகன் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கை உதறிவிட்டது. ஆம்புலன்ஸில் போன எங்கள் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனும் அப்படியேதான் சொல்லியிருக்கிறான், "வழுக்கி விழுந்துட்டாரு" என்று. 19 வயதுப் பையன், பயந்துவிட்டான், அழுதான். இப்போது என்ன செய்வது?

வார்டு சிஸ்டர் | திங்கள், மதியம் 2.10

இன்றைக்கே நீங்களும் அந்தப் பையனும் மகனோடு சேர்ந்து டியூட்டி டாக்டரைப் பாருங்கள். கிரிக்கெட் பந்து பட்டது, முதலில் பயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சொல்லுங்கள். அவர் பழையதை அடிக்க மாட்டார், தேதி நேரத்தோடு சேர்த்து எழுதுவார். விழுந்ததற்கும் பந்து பட்டதற்கும் சிகிச்சையிலும் வித்தியாசம் உண்டு. வழுக்கி விழுந்தார் என்றால் ஏன் வழுக்கினார், தலைசுற்றலா, நெஞ்சு பிரச்சினையா என்று தேடுவார்கள், இதய நோயாளி வேறு. பந்து என்றால் சின்ன இடத்தில் பலமான அடி, அந்த இடத்தில் எலும்பு உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று குறிப்பாகப் பார்ப்பார்கள். போலீசுக்குத் தகவல் போவது மருத்துவமனை வழக்கம், அதற்காகப் பயந்து மறைப்பதுதான் பின்னால் சந்தேகமாக மாறும்.

கடலோர செயலாளர் | செவ்வாய், இரவு 8.30

போய்ச் சொல்லிவிட்டோம். டாக்டர் திட்டினார், ஆனால் எழுதிக்கொண்டார்.

அம்பயர் சார் கேட்டதும் செய்தோம். டேப் போட்டு அளந்தோம், வேப்பமரத்துப் பக்கம் 47 மீட்டர். எதிர்ப்பக்கம் 61. வீடியோவில் சனிக்கிழமை நடந்த இரண்டு ஆட்டத்தையும் பார்த்தோம், மொத்தம் 23 சிக்ஸர், அதில் 14 அந்த மரத்துப் பக்கம். காலையிலேயே ஒரு பந்து காலி நாற்காலி ஒன்றில் பட்டு அதன் முதுகு உடைந்திருக்கிறது. வீடியோவில் எல்லோரும் கைதட்டுகிறார்கள், என் குரலும் அதில் கேட்கிறது. அதனால் "எதிர்பாராதவிதமாக" என்பதை எடுத்துவிட்டோம்.

வெள்ளைத்தொப்பி அம்பயர் | செவ்வாய், இரவு 9.05

இப்போதுதான் விஷயத்துக்கு வந்தீர்கள் தம்பி. சர்வதேச ஆட்டத்தில் பிட்ச் நடுவிலிருந்து கயிறு குறைந்தது 65 கஜம், அதாவது ஏறக்குறைய 59 மீட்டர் இருக்க வேண்டும். ஊர் மைதானத்தில் அத்தனை இடம் இருக்காது, அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பந்தை மட்டும் மாற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் டென்னிஸ் பால் காலத்து மாதிரியே வைத்துவிட்டீர்கள். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட வராது, பட்டால் அமுங்கும். லெதர் பந்து 156 கிராமுக்குக் குறையாது, அமுங்காது. டென்னிஸ் பந்து காற்றில் வேகம் குறைந்துதான் கயிற்றுக்கு வரும், லெதர் பந்து அந்த 47 மீட்டரை இரண்டு விநாடியில் தாண்டிவிடும். கயிற்றை ஒட்டி உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதில் என்ன நேரம் கிடைக்கும்?

அம்பயர்களையும் கேளுங்கள். எல்லையை டாஸுக்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு என்று விதியிலேயே இருக்கிறது. நாற்காலியைக் கண்ணால் பார்த்தபிறகும் ஆட்டத்தைத் தொடங்கியது எங்கள் ஆள்களின் தவறும்தான், அதையும் அறிக்கையில் போடுங்கள்.

ஓப்பனர்77 | செவ்வாய், இரவு 9.20

கடலோர ஊர்தானே, மீன்வலை கட்டிவிடுங்கள். செலவே இல்லை. இறுதிப் போட்டியைத் தாராளமாக நடத்தலாம்.

வெள்ளைத்தொப்பி அம்பயர் | செவ்வாய், இரவு 9.48

வலை நல்ல யோசனைதான், ஆனால் கண் சின்னதாக இருக்க வேண்டும். பந்தின் குறுக்களவு 7 சென்டிமீட்டர் சொச்சம், பெரிய மீன் பிடிக்கும் வலையில் அது புகுந்து போய்விடும். இழுத்துக் கட்டக் கூடாது, தொய்வாகத் தொங்க வேண்டும், அப்போதுதான் வேகத்தை வாங்கும். வலைக்கும் நாற்காலிக்கும் நடுவில் மூன்று நான்கு மீட்டராவது விடுங்கள், இல்லாவிட்டால் வலையோடு சேர்ந்து பந்து முகத்துக்கு வரும். உயரமாகப் போகும் பந்து வலையைத் தாண்டும்தான், ஆனால் அதை நிமிர்ந்து பார்த்து விலக நேரம் இருக்கும். அதுவும் மைக் சும்மா இருந்தால். பந்து வீசும்போது மைக்கில் பேச்சே கூடாது, ஓவர் முடிந்தபிறகு நன்கொடையாளர் பெயரைப் படிக்கட்டும். முடிந்தால் அந்த மரத்தடியையே காலி செய்துவிட்டு விக்கெட் கீப்பர் பின்பக்கம் பந்தல் போடுங்கள். எட்ஜ் வரும், ஆனால் அடித்த சிக்ஸர் வராது.

மூத்த மகன் | செவ்வாய், இரவு 10.11

வலை, பந்தல் எல்லாம் சரி. அவர் இன்னும் வார்டில் படுத்திருக்கும்போது இந்த வாரமே இறுதிப் போட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வீட்டில் கேட்டீர்களா?

கோர்ட் வாசல் | செவ்வாய், இரவு 10.30

நான் இன்னும் என் கருத்தில்தான் இருக்கிறேன். நேரம், இடம், தூரம், யார் என்ன சொன்னார்கள் என்று நடந்ததை எழுதுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. யார் தவறு என்று தீர்ப்பை நீங்களே எழுதாதீர்கள். நாளைக்கு அந்தப் பேட்ஸ்மேன் பெயரையும் இழுப்பார்கள்.

கடலோர செயலாளர் | புதன், மாலை 6.45

பேட்ஸ்மேன் பெயர் அறிக்கையில் இல்லை. அவன் அடிக்க வேண்டிய பந்தை அடித்தான், அதற்கு மேல் அவனைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. திங்கள்கிழமையிலிருந்து தினமும் வார்டு வாசலில் போய் நிற்கிறான்.

அறிக்கை இப்போது இரண்டு பக்கம். 3.40இலிருந்து 6.30 வரை நேர வாரியாக, டீக்கடை அக்கா சொன்னது, மயக்கம் பற்றிய இரண்டு பேச்சு, மாத்திரை, மருத்துவமனையில் முதலில் தவறாகச் சொன்னது, பிறகு திருத்தியது. 47 மீட்டர், 14 சிக்ஸர், காலையில் உடைந்த நாற்காலி. "நாற்காலிகளை அங்கே போட அனுமதித்தது விழாக்குழு" என்ற வரியைப் போடுவதா வேண்டாமா என்று நேற்று இரவு இரண்டு மணி நேரம் சண்டை. ஒன்பது பேரில் ஐந்து பேர் போடலாம் என்றார்கள், போட்டுவிட்டோம். கோர்ட் வாசல் சார் மன்னிக்கவும். இரண்டு பேர் கையெழுத்துப் போடவில்லை.

பிரதி மூன்று எடுத்தோம், பள்ளிக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று, மகனிடம் ஒன்று. அவன் நின்றபடியே படித்தான். டீ கேட்ட இடம் வந்ததும் நிறுத்திவிட்டு "அப்பா வீட்டிலயும் ராத்திரி முழுக்க யாரு ஜெயிச்சாங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாருண்ணே, அதான் எனக்கும் தோணல" என்றான். இறுதிப் போட்டி பற்றி அவனிடம் கேட்டேன். அப்பா வீட்டுக்கு வரட்டும், அப்புறம் அவரிடமே கேளுங்கள் என்றுவிட்டான். அதனால் தேதி இன்னும் வைக்கவில்லை.

வார்டு சிஸ்டர் | புதன், இரவு 7.30

வீட்டுக்கு அனுப்பும்போது மறுபரிசோதனைத் தேதி கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் அண்ணே. மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் சில வாரம் கழித்துக்கூட மெதுவாக ரத்தம் சேரலாம். தலைவலி கூடினாலோ, நடை தடுமாறினாலோ, ஆள் மந்தமாக இருந்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் கூட்டி வரச் சொல்லுங்கள். டீக்கடை அக்காவிடமும் சொல்லி வையுங்கள், அவர்தான் முதலில் கவனிப்பார்.